உஷார்! பாலிசி இருக்கிறது, சரக்குக்கு இல்லை

இதைப் படிக்கும் வண்ணாரப்பேட்டை வியாபாரி எவராக இருந்தாலும், முதலில் ஒரு துண்டுச் சீட்டை எடுங்கள். உங்கள் தீ விபத்துப் பாலிசியில் 'ஸ்டாக்' என்ற வரிக்கு எதிரே அச்சாகியிருக்கும் தொகையை அதில் எழுதுங்கள். அதற்குக் கீழே வங்கி உங்களுக்குக் கொடுத்திருக்கும் சி.சி. லிமிட்டை எழுதுங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் உங்கள் கடைக்குப் பாலிசி எடுத்தது நீங்கள் அல்ல, வங்கி. அதுவும் தன் கடனுக்காக எடுத்திருக்கிறது. உங்கள் சரக்கு எவ்வளவு என்று அந்தப் பாலிசிக்குத் தெரியவே தெரியாது.

பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கடை, குடோன், சிறு பட்டறைகளின் கணக்கைப் பார்ப்பது என் பிழைப்பு. வருடத்தில் ஒருமுறையாவது பாலிசி ஃபைலைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்ப்பேன். பத்து ஃபைல் பிரித்தால் நான்கைந்திலாவது இந்த இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கும். "இன்ஷூரன்ஸ் எல்லாம் பேங்க்காரங்க பாத்துக்குறாங்க சார்" என்பார் முதலாளி. அந்த 'பாத்துக்குறாங்க'வில்தான் ஆபத்தே இருக்கிறது.

எங்கள் பகுதியின் வியாபாரம் ஒரு வினோதமான காலக்கணக்கில் ஓடுகிறது. ஆடித் தள்ளுபடியில் பழைய சரக்கைக் காலி செய்வோம். ஆவணி, புரட்டாசியில் தீபாவளிச் சரக்கு இறங்கத் தொடங்கும். தீபாவளி முடிந்து மீந்தது போக, பொங்கலுக்கும் தை மாதக் கல்யாணங்களுக்கும் சூரத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பேல் பேலாக வந்து சேரும். எம்.சி. ரோட்டுக் கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது, குடோனில் விட்டம் வரை அடுக்கியிருப்போம். வடகிழக்குப் பருவமழையும் சரியாக அதே மூன்று மாதம்தான். அக்டோபர், நவம்பர், டிசம்பர். சரக்கு உச்சத்தில் இருக்கும்போதுதான் தண்ணீரும் வருகிறது. 2015-ல் தீபாவளி நவம்பர் 10, பெருவெள்ளம் டிசம்பர் முதல் இரண்டு நாள். 2023-ல் தீபாவளி நவம்பர் 12, மிக்ஜாம் புயலின் மழை டிசம்பர் 3, 4. இரண்டு முறையும் இடைவெளி மூன்று வாரம்தான்.

பாலிசித் தொகை எப்போது முடிவாகிறது? பெரும்பாலும் மார்ச் 31 கணக்கை வைத்து. ஆண்டிறுதியில் சரக்கைக் குறைத்துக் காட்டுவது நம் ஊர்ப் பழக்கம், நிஜமாகவே குறைவாக இருக்கும் காலமும் அதுதான். வறண்ட மாதத்துக் கணக்கை வைத்துக்கொண்டு மழை மாதத்தைச் சந்திக்கப் போகிறோம்.

இதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்கலாம். 80 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறது, நஷ்டம் 40 லட்சம், 40 லட்சம் வந்துவிடுமே? வராது. இந்த ஒரு இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அதனால் ஒரு கடையை எடுத்துக்கொண்டு முழுக்கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். கடை கற்பனைதான். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு கோளாறையும் ஏதோ ஒரு ஃபைலில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எம்.சி. ரோட்டில் மொத்த ஜவுளிக் கடை. கொருக்குப்பேட்டையில் வாடகைக் குடோன். சி.சி. லிமிட் 80 லட்சம், பாலிசியில் சரக்குக்கும் 80 லட்சம். நவம்பர் மாதக் கடைசியில் கடையிலும் குடோனிலும் சேர்த்து எவ்வளவு சரக்கு இருக்கிறது? எண்ணிப் பார்க்க நேரமில்லை என்றால் கணக்குப் புத்தகத்திலிருந்தே நெருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏப்ரல் 1 அன்று இருந்த சரக்கு 90 லட்சம். அன்றிலிருந்து நவம்பர் வரை கொள்முதல் 4 கோடியே 84 லட்சம். விற்பனை 4 கோடியே 25 லட்சம். விற்பனையில் நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் லாபம் என்றால் விற்ற சரக்கின் அசல் 3 கோடியே 74 லட்சம். தொடக்கச் சரக்கையும் கொள்முதலையும் கூட்டி, விற்ற சரக்கின் அசலைக் கழித்தால் மிச்சம் 2 கோடி. எல்லாம் ஜி.எஸ்.டி. இல்லாத தொகை. லாப விகிதத்தை மட்டும் குத்துமதிப்பாகப் போடாமல் போன இரண்டு மூன்று வருட ஆடிட் கணக்கிலிருந்து எடுங்கள். சர்வேயரும் அதைத்தான் எடுப்பார்.

இப்போது தண்ணீர் வருகிறது. தரைமட்டத்து அடுக்குகள் நனைந்து 40 லட்ச ரூபாய்ச் சரக்கு போகிறது. சர்வேயர் முதலில் பார்ப்பது நனைந்த சரக்கை அல்ல, நனையாததையும் சேர்த்து அன்றைக்கு மொத்தம் எவ்வளவு இருந்தது என்பதைத்தான். 2 கோடி இருந்தது. நீங்கள் காப்பீடு செய்தது 80 லட்சம், அதாவது நூற்றுக்கு நாற்பது. மீதி அறுபது பங்குக்கு நீங்களே உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஆகவே நஷ்டத்திலும் நாற்பது சதவீதம்தான் கம்பெனி தரும். 40 லட்சத்தில் 16 லட்சம். அதிலிருந்தும் பாலிசியில் சொல்லியிருக்கும் 'எக்சஸ்' என்ற கட்டாயக் கழிவு போகும். கையிலிருந்து போனது 24 லட்சத்துக்கும் மேலே.

இதற்குப் பெயர் ஆவரேஜ் கண்டிஷன். தீ விபத்துப் பாலிசியின் பொது நிபந்தனைகளில், பின்பக்கங்களில், பொடி எழுத்தில் இருக்கும். இது கம்பெனியின் சூழ்ச்சி என்று கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபத்தில் நியாயம் குறைவு. இரண்டு கோடி சரக்குக்கும் ஆபத்து ஒன்றுதான், பிரீமியம் மட்டும் 80 லட்சத்துக்குக் கட்டினால் அவர்களும் அந்த விகிதத்தில்தான் கொடுப்பார்கள். என் கோபமெல்லாம் இதை விற்கும்போது ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை என்பதில்தான்.

2021 ஏப்ரல் 1 முதல் சிறு வியாபாரிகளுக்கு ஓர் ஆறுதல் வந்தது. ஓரிடத்தில் உள்ள சொத்தும் சரக்கும் சேர்த்து 5 கோடி வரை இருந்தால் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', அதற்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பொதுவான பாலிசிகளைக் கொண்டுவந்தது. காப்பீட்டுத் தொகை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் அந்தக் குறைவுக்காகக் கழிக்கக் கூடாது என்பது அவற்றில் உண்டு. சந்தை ஏற்ற இறக்கத்துக்கு அது போதும். மேலே சொன்ன கடையில் குறைவு 60 சதவீதம். 'அதுதான் பதினைந்து பர்சென்ட் விட்டுக்கொடுக்குறாங்களே' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

கழிவு ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி என்பதையும் மனதில் வையுங்கள். கட்டடத்துக்கு அதிகமாகப் போட்டிருக்கிறேன், சரக்குக்குக் குறைவு, மொத்தத்தில் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. கட்டடம் என்றதும் இன்னொன்று. எங்கள் தெருக்களில் சொத்தின் விலையில் பெரும்பங்கு மனையின் விலை. மனை எரியாது, வெள்ளத்தில் போகாது, அதற்கு இன்ஷூரன்ஸும் இல்லை. விற்பனை விலையை அப்படியே பாலிசியில் போட்டு வருடாவருடம் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சதுர அடிக்கு இன்று கட்ட என்ன ஆகும் என்பதைப் பரப்பளவால் பெருக்கினால் போதும்.

இனி குடோன் விவகாரம். மேலே போட்ட கணக்கில் ஓர் உண்மையை மறைத்துவிட்டேன். அந்தக் கொருக்குப்பேட்டைக் குடோனைக் கடைக்காரர் போன ஆடியில்தான் வாடகைக்கு எடுத்தார். பாலிசியில் இருப்பது எம்.சி. ரோட்டு விலாசம் மட்டும். தண்ணீர் புகுந்தது குடோனில். அப்படியானால் 16 லட்சம்கூட இல்லை. பாலிசி சரக்கைக் காப்பது அது இருக்கும் இடத்தோடு சேர்த்துத்தான். எழுதப்படாத இடத்தில் இருக்கும் சரக்கைத் தெருவில் கிடக்கும் சரக்காகவே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு மூன்று இடங்களுக்குள் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும் வியாபாரத்துக்கு 'ஃப்ளோட்டர்' என்ற ஏற்பாடு இருக்கிறது. எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே தொகை, சரக்கு எங்கே இருந்தாலும் செல்லும். ஆனால் அந்த இடங்களின் பட்டியல் முழு விலாசத்தோடு பாலிசியில் இருக்க வேண்டும். ஆகவே வாடகைச் சீட்டுகளையும், ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள கூடுதல் வணிக இடங்களையும், பாலிசியில் உள்ள விலாசங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே பட்டியல் வரவில்லை என்றால் எங்கோ ஒரு குடோன் பாலிசிக்கு வெளியே நிற்கிறது. கதவு எண் மாறியிருந்தால், பழைய எண் புதிய எண் இரண்டையும் போடச் சொல்லுங்கள். வட சென்னையில் இது சின்ன விஷயமில்லை.

குடோனைப் பற்றி இன்னும் ஒன்று. முப்பது நாளுக்கு மேல் ஆள் நடமாட்டமே இல்லாமல் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குப் பாலிசி செல்லாமல் போகலாம் என்பது வழக்கமான தீ விபத்துப் பாலிசியின் நிபந்தனை. துணிக் குடோனில் ஒரு மூலையைப் பெயின்ட் கடைக்கோ நுரை மெத்தைக்காரருக்கோ உள்வாடகைக்கு விட்டு அதனால் ஆபத்து கூடினாலும் அதே கதிதான். கம்பெனிக்கு எழுதித் தெரிவித்து எண்டார்ஸ்மென்ட் வாங்கியிருந்தால் பிரச்சினை இல்லை.

அடுத்தவர் சரக்கையும் கவனியுங்கள். கமிஷனுக்கு விற்க வைத்திருக்கும் சேலை, ஃபால்ஸ் அடிக்கவோ தைக்கவோ வந்திருக்கும் துணி, இவை உங்கள் கூரைக்குக் கீழே இருந்தாலும் உங்கள் சரக்கல்ல. 'பிறருக்காகவோ கமிஷனுக்கோ வைத்திருக்கும் சரக்கு' என்று பாலிசியில் தனியாக எழுதப்படாவிட்டால் வழக்கமான தீ விபத்துப் பாலிசி அதற்குப் பணம் தராது. சூரத் வியாபாரி உங்களிடம்தான் கேட்பார்.

இப்போது பட்டறைக்கு வருவோம். இதே முதலாளிக்குத் திருவொற்றியூரில் ஒரு தையல் யூனிட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2016-ல் 12 லட்சத்துக்கு இயந்திரங்கள் வாங்கினார். பாலிசி புதுப்பிக்கும்போது ஏஜென்ட் 'மெஷினரி வேல்யூ?' என்று கேட்க, கணக்குப்பிள்ளை பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துச் சொன்னார். பேலன்ஸ் ஷீட்டில் இருப்பது வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்த மிச்சம். எட்டு வருடம் கழித்தபின் 12 லட்சம் 3 லட்சத்து 27 ஆயிரம் ஆகியிருக்கும். அது வருமான வரிக்கான எண். அந்தப் பணத்துக்கு அதே இயந்திரங்களை எந்தக் கடையிலும் தரமாட்டார்கள். இன்று புதிதாக வாங்க 18 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஷார்ட் சர்க்யூட்டில் தீப்பிடித்து 6 லட்ச ரூபாய் நஷ்டம். புதிதாக மாற்றும் விலையை அடிப்படையாகக் கொண்ட பாலிசி என்றால், 3.27-ஐ 18-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்குங்கள். 1 லட்சத்து 9 ஆயிரம் வரும்.

கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் 'ரீஇன்ஸ்டேட்மென்ட் வேல்யூ' என்ற சொல் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிதாக மாற்றும் விலை கிடைக்கும், ஆனால் நிஜமாகவே மாற்றினால்தான், அதுவும் சொன்ன காலத்துக்குள். இல்லை என்றால் சர்வேயர் வயதுக்கேற்ற தேய்மானம் கழித்துத்தான் தருவார். எதுவாக இருந்தாலும் தொகையைப் போட பேலன்ஸ் ஷீட் உதவாது. இயந்திரம் விற்றவரிடம் இன்றைய விலைக்கு ஒரு கொட்டேஷன் வாங்கி ஃபைலில் வைப்பது ஒரு மணி நேர வேலை. பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறையை ஒருமுறை சுற்றியும் வாருங்கள். காயலாங்கடைக்குப் போன ஜெனரேட்டர் பாலிசியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம் வந்த எம்பிராய்டரி மெஷின் அதில் இருக்காது.

சரக்கின் கணக்கு இதற்கு நேர் எதிர். சரக்குக்கு விற்கும் விலையைப் போடக் கூடாது, லாபத்தை இந்தப் பாலிசி தராது. அசல் விலையும் கொண்டுவந்து சேர்த்த செலவும்தான். ஆனால் ஜி.எஸ்.டி.யை மறந்துவிடாதீர்கள். எரிந்தோ நனைந்தோ அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. துணிக்கு 5 சதவீதம் என்றால் 40 லட்சச் சரக்கில் 2 லட்சம். நஷ்டத்தோடு நஷ்டமாக அதையும் கட்டுவீர்கள். காப்பீட்டுத் தொகையில் வரியும் அடக்கம் என்று பாலிசியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதற்கேற்பத் தொகையையும் கூட்டுங்கள். நம் கடைக்கு 2 கோடிக்குப் பதில் 2 கோடியே 10 லட்சம்.

கசப்பான ஒரு விஷயம். வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் டிராயிங் பவருக்காகச் சரக்கை ஏற்றிக் காட்டுவது, வரிக் கணக்கில் இறக்கிக் காட்டுவது, இந்த வித்தை தெரியாதவர்கள் எங்கள் பகுதியில் குறைவு. விபத்து நடந்த பிறகு சர்வேயர் இரண்டையும் கேட்பார். இத்தனை சரக்கு இருந்தது என்று வங்கிக்கு எழுதிய கையெழுத்து, நீங்கள் குறைத்துக் காப்பீடு செய்ததற்குச் சாட்சியாகும். அவ்வளவு சரக்கு புத்தகத்தில் இல்லையே என்பது உங்கள் நஷ்டக் கணக்கையே சந்தேகத்துக்குள்ளாக்கும். இரண்டு பக்கமும் அடி. பாலிசித் தணிக்கையில் நான் முதலில் ஒத்துப் பார்ப்பது அக்டோபர் மாத ஸ்டாக் ஸ்டேட்மென்டையும் அதே தேதியில் புத்தகத்தில் வரும் சரக்கையும்தான். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பாலிசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைப் பற்றிப் பேசுவேன்.

"ஆடிட்டர் வருஷாவருஷம் கையெழுத்துப் போடுறாரே, இதெல்லாம் அவர் பார்க்க மாட்டாரா?" என்று கேட்பார்கள். பெரிய கம்பெனியாக இருந்தால் ஆடிட்டர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை 2020-ஆம் ஆண்டின் 'கேரோ' உத்தரவு பட்டியலிடுகிறது. சொத்துகளை நேரில் பார்த்தார்களா, சரக்கை எண்ணினார்களா, 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்ததா என்றெல்லாம் கேட்கிறது. அவற்றுக்குப் போதுமான காப்பீடு உண்டா என்ற கேள்வி அதில் கிடையாது. வங்கி அனுப்பும் ஸ்டாக் ஆடிட்டர் பாலிசியைக் கேட்பார், ஆனால் அவர் வங்கியின் ஆள். கடன் பத்திரமாக இருக்கிறதா என்பதே அவர் கவலை. உங்களுக்காகப் பார்க்க யாருமில்லை.

புதுப்பித்தல் விஷயத்தில் நான் கண்ட கோளாறுகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பட்டறைக்காரர் இயந்திரக் கடனை முழுதாக அடைத்தார். இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார். அதுவரை வங்கிதான் வருடாவருடம் கணக்கில் பற்று வைத்து பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தது. கடன் முடிந்ததும் வங்கிக்கு அக்கறை முடிந்தது. பற்று வைப்பது நின்றதை யாரும் கவனிக்கவில்லை, பணம் போவதைக் கவனிப்பவர்கள் போகாததைக் கவனிப்பதில்லை. பதினான்கு மாதம் அந்தப் பட்டறை ஒரு காகிதமும் இல்லாமல் ஓடியிருக்கிறது. நல்லவேளையாக ஒன்றும் நடக்கவில்லை. தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன், பேங்க் பாஸ்புக்கில் வழக்கமான ஒரு வரியைக் காணோமே என்று.

தீ விபத்துப் பாலிசிக்கு ஆயுள் காப்பீட்டைப் போலச் சலுகை நாட்கள் கிடையாது. முடிவு தேதியின் நள்ளிரவோடு தீர்ந்தது. பிரீமியம் கைக்கு வருவதற்கு முன் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்று 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64வி.பி. பிரிவே தடுக்கிறது. சனிக்கிழமை முடிந்த பாலிசிக்குச் செவ்வாய்க்கிழமை பணம் கட்டினால் புதிய பாலிசி செவ்வாயிலிருந்துதான் ஓடும். இடையில் வரும் ஞாயிறும் திங்களும் உங்கள் தலையில். கட்டிய செக் திரும்பிவந்தால் அந்தப் பாலிசியும் வெறும் காகிதம்தான். நினைவூட்டல் கடிதம் வரவில்லை, ஏஜென்ட் போன் செய்யவில்லை என்பதெல்லாம் பதிலாகாது. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானதாக வானிலை மையம் சொன்ன பிறகு ஓடினால் புதிய பாலிசி கொடுக்கக் கம்பெனிகள் தயங்கும்.

ஆகவே பாலிசிகளை வரிசையாக அடுக்கி, பழையது முடிந்த தேதியும் நேரமும், புதியது தொடங்கிய தேதியும் நேரமும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். வங்கி பற்று வைத்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள், பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் போன வருட நகலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒரு வருடம் 'எஸ்.டி.எஃப்.ஐ.' என்ற நான்கு எழுத்து இருக்கும், மறு வருடம் இருக்காது. புயல், சூறாவளி, வெள்ளம், நீர்சூழ்தல் ஆகிய நான்கையும் சேர்த்து அப்படிச் சுருக்கமாகச் சொல்வார்கள். வழக்கமான தீ விபத்துப் பாலிசியில் அதை எடுத்துவிட்டால் பிரீமியம் குறையும். 'போன வருஷத்தைவிட கம்மியா முடிச்சுக் கொடுத்துட்டேன் அண்ணே' என்று ஏஜென்ட் பெருமையாகச் சொன்னால் எதை எடுத்துவிட்டு முடித்தார் என்று அங்கேயே கேளுங்கள். பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வெள்ளத்தை நீக்கிய பாலிசி வாங்குவதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் கிடையாது.

எண்ணூர், எர்ணாவூர் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெயும் வந்தது. சுவர்களிலும் படகுகளிலும் தார் பூசியதுபோல ஒட்டிக்கொண்டது. மாசினால் வரும் சேதத்தைத் தீ விபத்துப் பாலிசி பொதுவாக ஏற்காது. ஆனால் பாலிசி ஏற்கும் ஓர் ஆபத்தின் விளைவாக அந்த மாசு வந்திருந்தால் விதிவிலக்கு உண்டு. எண்ணெய் தனியாக வந்ததா, வெள்ளம் கொண்டுவந்ததா என்பதே கேள்வியாகும். தண்ணீர் நின்ற உயரத்தையும் எண்ணெய்க் கோட்டையும் ஒரே படத்தில் தேதியோடு எடுத்துவைப்பது அந்தக் கேள்விக்கான பதில். சர்வேயர் பார்க்கும்வரை நனைந்த சரக்கை வீசிவிடவும் கூடாது. நாற்றம் தாங்கவில்லை என்று கார்ப்பரேஷன் லாரியில் ஏற்றிவிட்டுப் பிறகு கணக்குச் சொன்னால் யார் ஒப்புவார்கள்?

தொகையைக் கூட்டுவது என்றதும் பிரீமியத்தை நினைத்துத் தயங்குவீர்கள். நம் கற்பனைக் கடைக்கு இன்னும் 1 கோடியே 30 லட்சம் கூட்ட வேண்டும். அதற்கு எவ்வளவு கூடுதல் பிரீமியம் என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்த 24 லட்சத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சரக்கு மாதத்துக்கு மாதம் மிகவும் ஏறி இறங்கும் என்றால் 'டிக்ளரேஷன் பாலிசி' கிடைக்குமா என்றும் கேளுங்கள். உச்ச அளவுக்குப் பாலிசி எடுத்து, மாதாமாதம் இருந்த சரக்கைத் தெரிவித்தால், ஆண்டு முடிவில் கூடுதலாகக் கட்டிய பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்பி வரும். ஒழுங்காக மாதம் தவறாமல் எழுதி அனுப்புபவர்களுக்குத்தான் அது சரிப்படும். நம்மில் பலருக்குப் படாது என்பது என் எண்ணம். அவர்கள் ஆவணி பிறந்ததும் தீபாவளிச் சரக்கை மனதில் வைத்து, இருக்கும் பாலிசியிலேயே தொகையைக் கூட்டி எண்டார்ஸ்மென்ட் வாங்கிக்கொள்வது நல்லது.

போன வருடம் ஒரு கடைக்காரரிடம் இவ்வளவையும் உட்கார்ந்து பேசினேன். குடோன் விலாசம் இல்லை, தொகை பாதிகூட இல்லை. முகம் வெளிறிவிட்டது. மறுநாள் காலையிலேயே போன் செய்தார்.

"சொல்லியாச்சு சார். ஏஜென்ட் பையன் பாத்துக்குறேன்னுட்டான்."

"எதுல சொன்னீங்க? எழுதிக் கொடுத்தீங்களா?"

"போன்லதான் சார். நம்ம பையன்தான்."

"எண்டார்ஸ்மென்ட் நம்பர் என்ன?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பின்னால் பேல் இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "லோடு வந்துருக்கு சார், சாயந்திரம் கூப்பிடுறேன்" என்றார். எந்தக் குடோனில் இறக்குகிறார்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.